அப்பா போனில் வைப்ரேஷன் நின்றுவிட்டது: செட்டிங்ஸா, மோட்டாரா?

தஞ்சைக்காரி
அப்பாவுக்கு 72 வயது, இரண்டு காதும் மந்தம். சட்டைப்பையில் போன் அதிர்ந்தால்தான் யாரோ கூப்பிடுகிறார்கள் என்றே அவருக்குத் தெரியும். பத்து நாளாக அந்த அதிர்வு இல்லை. ரிங்டோன் ஒலிக்கிறது, மற்றதெல்லாம் சரியாக இருக்கிறது. போன் வாங்கி மூன்று வருடம் ஆகிறது. பக்கத்துக் கடையில் திறந்துகூடப் பார்க்காமல் "போர்டு வேலை, 1,800 ரூபாய்" என்று சொல்லிவிட்டார்களாம். ஏதாவது செட்டிங் மாறியிருக்குமோ என்று எனக்குச் சந்தேகம். ஞாயிறு ஊருக்குப் போகிறேன். அங்கே என்ன பார்க்க வேண்டும்?

மழைத்துளி
எனக்கும் இப்படித்தான் ஆனது. டார்ச் பொத்தான் மங்கிப்போய் அமுக்கவே முடியவில்லை. பழுது என்று நினைத்துக் கடைக்கே போய்விட்டேன். பார்த்தால் சார்ஜ் 9 சதவீதம்! ஏற்றியதும் எரிந்தது. அப்பா போனிலும் சார்ஜ் பாருங்கள்.

சர்வீஸ் மேசை
அது டார்ச். சார்ஜ் குறைந்தாலோ, வேறொரு ஆப் கேமராவைப் பிடித்து வைத்திருந்தாலோ அப்படி மங்கும். ஆனால் இங்கேயும் சார்ஜுக்குத் தொடர்பு இருக்கலாம். பேட்டரி சேவர் போட்டால் பல போன்களில் அதிர்வும் நின்றுவிடும். முதலில் அதை அணைத்துப் பாருங்கள். அடுத்து செட்டிங்ஸில் Vibration & haptics என்ற பக்கம். அழைப்புக்கு, அறிவிப்புக்கு, விரல் தொடுதலுக்கு என்று அங்கே தனித்தனி சுவிட்சுகள் இருக்கும். ஒன்று மட்டும் வேலை செய்யவில்லை என்றால் அநேகமாகச் செட்டிங்ஸ்தான். எதற்குமே அதிரவில்லை என்றால் மோட்டார் மேல் சந்தேகப்படலாம்.

உறுதி செய்ய ஒரு வழி. அழைப்புப் பலகையில் சாம்சங் என்றால் `*#0*#`, ரெட்மி, போக்கோ என்றால் `*#*#6484#*#*` அடியுங்கள். சோதனைப் பக்கம் திறக்கும். அதில் அதிர்வுச் சோதனை செட்டிங்ஸைக் கேட்காமல் மோட்டாரையே இயக்கும். அங்கே அதிர்ந்தால் கடைக்குப் போக வேண்டாம். அதிராவிட்டால், சோதனை ஓடும்போதே போனின் முதுகைக் கீழ்ப்பக்கமாக விரலால் லேசாக அழுத்திப் பாருங்கள்.

பழைய வானொலி
இவ்வளவு எதற்கு? பின்மூடியைக் கழற்றி, இரண்டு பென்சில் செல்லைச் சேர்த்து 3 வோல்ட் கொடுத்தால் மோட்டார் சுற்றுகிறதா என்று தெரிந்துவிடும். நான் பழைய பட்டன் போன்களில் அப்படித்தான் பார்ப்பேன்.

சர்வீஸ் மேசை
அண்ணே, காசு மாதிரி வட்டமாக இருக்கும் சுழலும் மோட்டாருக்கு அது சரி. ஆனால் இப்போது நிறைய போன்களில் வருவது சுற்றாது, முன்னும் பின்னும் ஆடும். செல் கொடுத்தால் 'டிக்' என்று ஒரு தடவை அசைந்து நின்றுவிடும். நல்ல மோட்டாரைச் செத்தது என்று தூக்கிப் போட்டுவிடுவோம். மோட்டார் போர்டில் இருக்கும்போதே வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்தால் போர்டும் போகலாம். மல்டிமீட்டரில் ஓம் பார்ப்பதே நல்லது. சில ஓம் முதல் சில பத்து ஓம் வரை காட்டினால் சுருள் அறுந்திருக்காது. ஒன்றுமே காட்டாவிட்டால் அறுந்துவிட்டது என்று அர்த்தம்.

தஞ்சைக்காரி
ஞாயிறு பார்த்துவிட்டேன். பேட்டரி சேவர் அணைந்துதான் இருந்தது. எல்லாச் சுவிட்சும் போட்டிருந்தது. சோதனைப் பக்கத்தில் அசைவே இல்லை. நீங்கள் சொன்னபடி கீழே அழுத்தினேன், 'ர்ர்' என்று அதிர்ந்தது! விரலை எடுத்ததும் நின்றது. மூன்று தடவையும் அப்படியே.

சர்வீஸ் மேசை
அப்படியென்றால் மோட்டார் உயிரோடு இருக்கிறது, அதற்கு மின்சாரமும் வருகிறது. போர்டு வேலை என்று சொல்ல இடமே இல்லை. பெரும்பாலும் மோட்டாரைத் தொடும் குட்டி ஸ்பிரிங் கால்கள் அமுங்கியிருக்கும், அல்லது களிம்பு பிடித்திருக்கும். அப்பா போனை எப்போதும் சட்டைப்பையில்தான் வைப்பாரா? வியர்வை பட்டு இப்படி வந்த போன்கள் நிறைய பார்த்திருக்கிறேன்.

வேறு கடைக்குப் போய், "அழுத்தினால் அதிர்கிறது, காண்டாக்ட் பாருங்கள்" என்று நீங்களே சொல்லுங்கள். முன்னாலேயே திறக்கச் சொல்லுங்கள். பின்பக்கம் பிளாஸ்டிக் என்றால் பயமில்லை. ஒட்டிய கண்ணாடி என்றால் சூடாக்கித்தான் எடுக்க வேண்டும், விரிசல் விட்டால் யார் பொறுப்பு என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். அழுத்தியும் அதிராமல், மோட்டார் மாற்றியும் அதிராமல் இருந்தால்தான் போர்டுப் பேச்சு. மூன்று வருடப் போனுக்கு அந்தச் செலவு நான் செய்ய மாட்டேன். அதிரும் கைப்பட்டை ஒன்று வாங்கி அப்பா கையில் கட்டிவிடலாம்.

தஞ்சைக்காரி
வேறு கடையில் என் முன்னாலேயே திறந்தார்கள். பிளாஸ்டிக் மூடிதான். ஒரு ஸ்பிரிங் காலில் பச்சையாகக் களிம்பு. துடைத்து, காலை லேசாகத் தூக்கிவிட்டார்கள். 300 ரூபாய். இப்போது சோதனையிலும் அழைப்பிலும் அதிர்கிறது. மோட்டாரையும் மாற்றிவிடலாமா என்று கேட்டார்கள், வேண்டாம் என்றேன்.

பழைய வானொலி
மாற்றியிருக்கலாம் அம்மா. களிம்பு ஒரு தடவை பிடித்த கால், மழைக்காலத்தில் மறுபடி பிடிக்கும்.

சர்வீஸ் மேசை
களிம்பு பிடித்தது போர்டில் உள்ள கால் என்றால் மோட்டார் மாற்றுவதால் லாபமில்லை அண்ணே. மோட்டாரோடு வரும் கால் என்றால் நீங்கள் சொல்வது சரி. எந்தப் பக்கம் இருந்தது என்று பார்த்தீர்களா?

தஞ்சைக்காரி
கவனிக்கவில்லை. கடையில் கேட்டுச் சொல்கிறேன். அதுவரை போனைத் துணிப்பையில் போட்டு வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.