இரவில் கொப்பியில் எதை எழுதுவது: நல்லதையா, தலையிடியையா?

கொட்டகலைக் கடைக்காரி
தோட்டத்தடியில் சின்னக் கடை வைத்திருக்கிறேன். பத்தரைக்குப் படுத்தால் ஒரு மணி வரை தூக்கம் வராது, தலைக்குள் கடன் கொப்பியும் மா மூட்டைக்காரருக்குக் கொடுக்கவேண்டிய காசும்தான் ஓடும். "நடந்த நல்லது மூன்றை எழுதிட்டுப் படு" என்கிறாள் தங்கச்சி. "பிரச்சினையை எல்லாம் எழுதிக் கொட்டிவிடு, மனசு லேசாகும்" என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணன். அண்ணன் சொன்னபடி இரண்டு வாரம் எழுதினேன், இன்னும் மோசம். எதைத்தான் செய்வது?

டெவோன் சாரல்
தங்கச்சி சொன்னதுதான் சரி அக்கா. அமெரிக்காவில் எமன்ஸ், மெக்கலோ என்று இரண்டு பேர் இதைச் சோதித்து 2003இல் எழுதியிருக்கிறார்கள். ஒரு கூட்டத்தை நன்றி சொல்லத்தக்கதை எழுதச் சொன்னார்கள், இன்னொரு கூட்டத்தை எரிச்சலூட்டியதை எழுதச் சொன்னார்கள். எரிச்சலை எழுதியவர்களைவிட நன்றி எழுதியவர்களின் மனநிலை நன்றாக இருந்தது. நரம்பு, தசை நோய் உள்ளவர்கள் மூன்று வாரம் நன்றி எழுதியபோது அவர்களுக்குத் தூக்கமும் கூடியது.

நானும் ஆறு மாதமாய் எழுதுகிறேன். நேற்று எழுதியது: "ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தன் சொல்லாமலே கரும்பலகையைத் துடைத்தான். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பள்ளி விட்ட நேரம் மழையும் விட்டது." அவ்வளவுதான். எழுதினால் தூங்கிவிடுகிறேன்.

கணக்குப்பிள்ளை மகன்
டீச்சர், ஜன்னலோரம் இடம் கிடைத்ததை எழுதினால் மா மூட்டைக்காரனுக்குக் காசு போய்ச் சேருமா? உங்களுக்கு மாதச் சம்பளம், அக்காவுக்கு அப்படியா?

டெக்சஸில் பேய்லர் பல்கலைக்கழகம் செய்த ஆய்வு 2018இல் வந்தது. 57 பேரை ஆய்வுகூடத்தில் படுக்க வைத்து, மூளை அலையைப் பார்த்து, எப்போது தூங்கினார்கள் என்று அளந்தார்கள். படுக்குமுன் ஐந்து நிமிடம் பாதிப் பேர் இனிச் செய்யவேண்டிய வேலைகளை எழுதினார்கள், மீதிப் பேர் முடித்த வேலைகளை எழுதினார்கள். செய்யவேண்டியதை எழுதியவர்கள் சராசரியாக ஒன்பது நிமிடம் முந்தித் தூங்கினார்கள். முடித்ததை நினைத்து மகிழ்ந்தவர்கள் பிந்திவிட்டார்கள்!

டெவோன் சாரல்
முடித்த வேலையும் நன்றியும் ஒன்றா தம்பி? அதோடு அந்த 57 பேரும் பதினெட்டுக்கும் முப்பதுக்கும் இடைப்பட்ட, நோய்நொடி இல்லாத இளசுகள். எழுதியது ஒரே ஒரு இரவு. அக்கா இரண்டரை மணி நேரம் விழித்திருக்கிறார், ஒன்பது நிமிடத்தை வைத்து என்ன செய்வது?

மஸ்கெலியாப் பெரியவர்
நான் முப்பது வருடமாய் டயரி எழுதுகிறேன். அன்றைக்கு மழை எவ்வளவு, கொழுந்து எத்தனை கிலோ, யார் வீட்டில் விசேஷம், எல்லாம் இருக்கும். டயரி எழுதுவது நல்ல பழக்கம்தான், விடாதே மகள். அது கிடக்கட்டும், ராத்திரி தேத்தண்ணி எத்தனை மணிக்குக் குடிக்கிறாய்?

கொட்டகலைக் கடைக்காரி
கடை பூட்டும்போது ஐயா. ஒன்பது மணிக்கு, நல்ல சாயமாக.

வெள்ளைத்தொப்பி
பெரியவர் கேள்வியை விட்டுவிட்டு வேறு எங்கோ போனார் என்று நினைத்தேன், போன இடம் சரியான இடம்தான். தேத்தண்ணியில் இருக்கிற கஃபீன் உடம்பில் பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் பிடிக்கும். நீங்கள் ஒன்பதுக்குக் குடித்ததில் பாதி இரண்டு மணிக்கும் உள்ளே இருக்கும். முதலில் அந்தக் கோப்பையை நாலு மணிக்குத் தள்ளுங்கள்.

நான் உளநலக் கிளினிக் ஒன்றில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள். எது நல்லது என்று சொல்லுமுன் ஒன்று கேட்கிறேன். அந்த இரண்டு வாரமும் எங்கே உட்கார்ந்து, எத்தனை மணிக்கு, என்ன எழுதினீர்கள்? எழுதியதை அப்படியே இங்கே போடுங்கள்.

கொட்டகலைக் கடைக்காரி
படுக்கையில்தான், போன் வெளிச்சத்தில். நேற்றைய பக்கம் இது:
"கூரை ஒழுகுது. மா மூட்டைக் காசு. ஆட்கள் கடன் திருப்பவில்லை. மகன் போன் இல்லை."
மகன் கட்டாரில் இருக்கிறான். பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் வெட்கமாக இருக்கிறது. பதினாலு நாளும் கிட்டத்தட்ட இதே நாலு வரிதான்.

வெள்ளைத்தொப்பி
வெட்கப்படாதீர்கள், வேண்டிய விடை அதில்தான் இருக்கிறது. ஒரே வரி மூன்று நாலு இரவு சொல் மாறாமல் வந்தால் அது பட்டியல் இல்லை, கவலைதான் கையெழுத்தில் வந்திருக்கிறது. மனசு ஒரு வேலையைத் திரும்பத் திரும்ப நினைவூட்டுவது, அது எங்கே விட்டது, எப்போது தொடரும் என்று தெரியாததால். "கூரை ஒழுகுது" என்ற வரி அதைச் சொல்லவில்லை. பேய்லர் ஆய்விலும் பட்டியலை விவரமாக எழுதியவர்கள்தான் சீக்கிரம் தூங்கினார்கள். தம்பி அதைச் சொல்லவில்லை.

கிளினிக்கில் நாங்கள் சொல்லிக்கொடுத்தது இப்படி. கார்னி, வாட்டர்ஸ் என்ற இருவர் 2006இல் சோதித்த முறையும் இதுதான். பக்கத்தை நடுவில் மடியுங்கள். இடப்பக்கம் பிரச்சினை, வலப்பக்கம் அதற்கான அடுத்த அடி. முழுத் தீர்வு வேண்டாம், அடுத்து கை வைக்கிற ஒரே ஒரு வேலை போதும். இதைப் படுக்கையில் செய்யக்கூடாது, மாலையில் செய்யவேண்டும். கடையில் எப்போது ஆள் குறையும்?

கொட்டகலைக் கடைக்காரி
வேலை விட்டு வருகிறவர்கள் போனபிறகு, ஏழரைக்கு.

வெள்ளைத்தொப்பி
சரி, ஏழரைக்குக் கடை மேசையிலேயே உட்காருங்கள், பதினைந்து நிமிடம். உங்கள் நாலு வரியையும் எடுப்போம்.

கூரை: வலப்பக்கம் "கூரையைச் சரிசெய்வது" என்று எழுதினால் பயனில்லை, அதைப் படித்ததும் மனசு மறுபடி கணக்குப் போடும். "நாளைக் காலை கடை திறக்குமுன் தகரக்கடைக்குப் போன் எடுத்து, எட்டடித் தகரம் இரண்டு என்ன விலை என்று கேட்பது" என்று எழுதுங்கள்.

மா: "அடுத்த லொறி வரும்போது பாதிக் காசு கொடுத்து, மீதி பத்தாம் தேதிச் சம்பளத்துக்குப் பிறகு என்று நானாகவே சொல்வது." அவர் கேட்கட்டும் என்று காத்திருப்பதுதான் ராத்திரியில் உருளுகிறது.

கடன்: எல்லார் பெயரையும் எழுதாதீர்கள். பெரிய பாக்கி மூன்று பேர், பத்தாம் தேதி யாரிடம் முதலில் கேட்பது, அவ்வளவுதான்.

மகன்: இதற்கு இன்றிரவு செய்ய ஒன்றுமே இல்லை, அதைத்தான் எழுதவேண்டும். "வெள்ளி அவனுக்கு லீவு. பகல் இரண்டு மணிக்கு, அங்கே பதினொன்றரை, நான் எடுப்பேன். அதுவரை செய்ய ஒன்றும் இல்லை." எழுதிக் கொப்பியை மூடி, கடையிலேயே வைத்துப் பூட்டிவிட்டு வாருங்கள். படுக்கையில் அதே நினைப்பு வந்தால் "அது கொப்பியில் இருக்கிறது, நாளை ஏழரைக்கு" என்று மட்டும் சொல்லிக்கொள்ளுங்கள்.

கணக்குப்பிள்ளை மகன்
அப்போ நான் சொன்னதுதான் சரி. நன்றிக் கொப்பியை அடுப்பில் போடுங்கள்.

வெள்ளைத்தொப்பி
பாதி சரி தம்பி. டீச்சர் சொன்ன ஆய்வில் எரிச்சலை எழுதியவர்களுக்கு வலப்பக்கம் கிடையாது, அதனால் அவர்கள் பின்தங்கியதில் வியப்பில்லை. அக்காவின் பதினாலு பக்கமும் அதே ரகம். ஆனால் மனக்கவலை உள்ள மாணவர்களிடம் இந்தப் பிரச்சினைக் கொப்பி, நன்றிக் கொப்பி, மனசுக்குள் ஒரு காட்சியைக் கற்பனை செய்வது என்று மூன்றையும் கொடுத்துப் பார்த்த சிறிய ஆய்வு ஒன்று 2011இல் வந்தது. மூன்றிலும் தூக்கம் முன்னேறியது, ஒன்றை ஒன்று வெல்லவில்லை.

டெவோன் சாரல்
அதைத்தான் நானும் சொல்கிறேன்! தகரத்துக்குப் போன் போடலாம், பிள்ளை எடுக்காத போனுக்கு அடுத்த அடி ஏது? கையில் இல்லாத விஷயத்துக்கு நல்லதை எழுதுவதுதான் வழி.

கொட்டகலைக் கடைக்காரி
டீச்சர், ஒரு நாள் எழுதிப் பார்த்தேன். முதல் நல்லது "மகன் அனுப்பின காசு" என்று எழுதினேன். எழுதி முடிக்குமுன் அழுகை வந்துவிட்டது. அவன் அங்கே என்ன சாப்பிடுகிறானோ என்று அதிலிருந்து ஒரு மணி நேரம் போனது.

டெவோன் சாரல்
அக்கா... அதை யோசிக்கவில்லை. பெரிய நல்லதைத் தொட்டால் அதோடு கவலையும் கூட வரும் போலிருக்கிறது. என் கொப்பியில் எல்லாம் சில்லறைதான். கரும்பலகை, ஜன்னல், மழை. அன்றைக்கு நடந்து அன்றைக்கே முடிந்தவை.

வெள்ளைத்தொப்பி
அது நல்ல கவனிப்பு டீச்சர், நான் அப்படிப் பிரித்துப் பார்த்ததில்லை. கூட ஒன்று சேர்க்கலாம். அமெரிக்க உளவியலாளர் செலிக்மனின் குழு 2005இல் சோதித்தபோது, மூன்று நல்லதை எழுதுவதோடு ஒவ்வொன்றும் ஏன் நடந்தது என்றும் எழுதச் சொன்னார்கள். "மழை விட்டது" என்பதைவிட "பக்கத்து அண்ணன் குடை கொடுத்தார், காலையில் நான் மா கடன் கொடுத்ததால்" என்பது மனசை வேறு பக்கம் திருப்பும். தங்கச்சி, ஏழரைக்குக் கடைக் கொப்பி, படுக்குமுன் வேண்டுமானால் ஒரே ஒரு சில்லறை நல்லது. மூன்றாவது கிடைக்கவில்லையே என்று தேடுவதே சிலருக்குப் பரீட்சை ஆகிவிடும்.

இன்னொன்று. படுத்து இருபது நிமிடம் போல் ஆனதாகத் தோன்றினால் எழுந்து கம்பளியைச் சுற்றிக்கொண்டு குசினியில் உட்காருங்கள், கண் சொருகும்போது திரும்பிப் படுங்கள். மணி பார்க்காதீர்கள். மகன் ராத்திரியில் எடுப்பான் என்று போனைத் தலையணைக்குக் கீழ் வைக்கிறீர்களா?

கொட்டகலைக் கடைக்காரி
ஆமாம். அவன் அங்கே ஏழு மணிக்கு வேலை முடித்தால் இங்கே ஒன்பதரை. பத்துக்கு எடுப்பானோ என்று காத்திருப்பேன்.

வெள்ளைத்தொப்பி
அப்படியானால் உங்களுக்குத் தூக்கம் வராமல் இல்லை, காவல் இருக்கிறீர்கள். இதற்குக் கொப்பி மட்டும் போதாது. எடுக்கிற நாளையும் நேரத்தையும் அவனோடு பேசி முடிவு செய்யுங்கள். வாரத்தில் மூன்று இரவோ அதற்கு மேலோ இப்படியே மூன்று மாதம் போனாலோ, விடியற்காலை எழும்பி எதிலும் பிடிப்பில்லாமல் கிடந்தாலோ எழுதிக்கொண்டிருக்காமல் கிளினிக் போங்கள். 1926 என்ற உளநல உதவி இலக்கத்துக்குப் போன் செய்தும் கேட்கலாம்.

கொட்டகலைக் கடைக்காரி (எட்டு நாள் கழித்து)
தேத்தண்ணி நாலு மணிக்கு மாறிவிட்டது. கொப்பி கடை லாச்சியில். தகரம் விலை கேட்டாயிற்று, நினைத்ததைவிடக் குறைவு, அந்த வரி போய்விட்டது. மா மூட்டைக்காரர் முகம் சுளித்தார், ஆனால் சரி என்றார். மகன் வெள்ளி எடுக்கவில்லை, சனி எடுத்தான், சிம் பிரச்சினையாம். அந்த வெள்ளி இரவு மட்டும் பழையபடி விழித்திருந்தேன். மற்ற நாட்களில் பன்னிரண்டுக்கு முன்பே தூங்கிவிடுகிறேன் என்று நினைக்கிறேன், மணி பார்க்கவில்லை.

கணக்குப்பிள்ளை மகன்
தேத்தண்ணி, கொப்பி, போன் மூன்றையும் ஒரே வாரத்தில் மாற்றினால் எது வேலை செய்தது என்று எப்படித் தெரியும்? என்னைக் கேட்டால் கொப்பி.

மஸ்கெலியாப் பெரியவர்
தேத்தண்ணி.

டெவோன் சாரல்
அக்கா, அந்தச் சில்லறை நல்லதை எழுதினீர்களா இல்லையா? அதை மட்டும் சொல்லவே இல்லை.

கொட்டகலைக் கடைக்காரி
மூன்று நாள் எழுதினேன் டீச்சர், மீதி நாள் எழுதுமுன் தூங்கிவிட்டேன். மா லொறி வந்து நிற்கிறது, பிறகு வருகிறேன்.