பொருள்: உடலியக்க அளவீட்டில் ‘பவுட்’ – தமிழில் என்ன?

மலர்விழி:
வணக்கம். உலக சுகாதார நிறுவனத்தின் ஜிபேக் வினாத்தாளைத் தமிழாக்குகிறோம். ஓரிடத்துக்குப் போய்வர, ஒரே தடவையில் குறைந்தது 10 நிமிடமாவது விடாமல் நடப்பதுண்டா என்று அதில் ஒரு கேள்வி. கேள்விக்குப் பேச்சுத்தமிழே போதும். அறிக்கையில்தான் அந்த ‘ஒரே தடவை’க்கு, அதாவது பவுட்டுக்கு, ஒரு பெயர் தேவைப்படுகிறது. பழைய வரைவில் ‘அமர்வு’ என்றிருக்கிறது. உட்கார்ந்திருக்கும் நேரத்தையும் அதே பக்கத்தில் பேசுவதால் ‘நடை அமர்வு’ சிரிப்பை வரவழைக்கிறது. ‘ஒருமூச்சு’ சரிவருமா?

ஞானசேகரன்:
‘ஒருமூச்சு’ வேண்டாம் அம்மா. மிதமான உழைப்பு என்றால் மூச்சு சற்றே கூடும் என்று அதே வினாத்தாள் விளக்குகிறது. பதில் சொல்பவர் இரண்டையும் குழப்பிக்கொள்வார். ‘இடையறாப் பொழுது’ என்று வையுங்கள். 10 நிமிடத்துக்குக் குறைந்த நடை கணக்கில் சேராது என்பதுதானே வழிகாட்டி நெறி? ‘இடையறா’ அதைச் சரியாகச் சொல்கிறது.

செந்தில்:
ஐயா, மூச்சு பற்றிச் சொன்னது சரி. நெறி மாறிவிட்டது. 2010இல் 10 நிமிட நிபந்தனை இருந்தது, 2020இல் எடுத்துவிட்டார்கள். இப்போது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான இயக்கம். எத்தனை நிமிடத் துண்டாக இருந்தாலும் சேரும். வினாத்தாளில்தான் பழைய நிபந்தனை இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பேருந்து நிறுத்தத்துக்கு 6 நிமிடம், இறங்கி அலுவலகத்துக்கு 7 நிமிடம் என்று ஒருவர் விறுவிறுவென நடக்கிறார். போகவர நாளுக்கு 26, ஐந்து நாளில் 130 நிமிடம். வினாத்தாளின் சொற்படி பதில் சொன்னால் அவர் நடை பூஜ்யம்!

‘இடையறா’வும் பொருந்தாது. உடல் அசைவைப் பதியும் முடுக்கமானியில் பவுட்டுக்கு இடைவெளி அனுமதி உண்டு. இடுப்பில் கட்டும் கருவியில் நிமிடத்துக்கு 2,020 அசைவு எண்ணிக்கை என்ற வரம்பை வைத்துக்கொண்டால், 10 நிமிடத்தில் இரண்டு நிமிடம் வரை அதற்குக் கீழே போகலாம்.

கலா:
என் ஃபோனில் தினமும் 8,000 அடி காட்டுகிறது. அப்படியென்றால் எனக்கு எத்தனை பவுட்?

செந்தில்:
அடிக்கணக்கின் மொத்தத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது கலா. வீட்டுக்குள் பத்துப் பத்து அடியாக நடந்தாலும் 8,000 வரும். எந்த நிமிடத்தில் எத்தனை அடி என்று பார்த்தால்தான் பவுட் தெரியும்.

அருள் (சாலை வடிவமைப்பு):
சிக்னலில் நிற்கும் நேரத்தை என்ன செய்கிறீர்கள்?

செந்தில்:
நல்ல இடத்தில் கை வைத்தீர்கள். 5 நிமிட நடை, 2 நிமிடக் காத்திருப்பு, மீண்டும் 5 நிமிட நடை என்றால் ஒரே பவுட். காத்திருப்பு 3 நிமிடமானால் அது அறுந்து இரண்டு ஐந்தாகி, இரண்டுமே விழுந்துவிடும். கருவி நிமிடம் நிமிடமாகக் கூட்டுவதால் இன்னொரு வில்லங்கமும் உண்டு. ஒன்றரை நிமிடக் காத்திருப்பு ஒரு நிமிடத்தின் கடைசி 15 நொடி, அடுத்த முழு நிமிடம், அதற்கடுத்ததன் முதல் 15 நொடி என்று விழுவதாக வையுங்கள். 3,000 எண்ணிக்கையில் நடப்பவருக்கு ஓர நிமிடங்களில் 2,250 கிடைக்கும், பவுட் தப்பிக்கும். 2,400இல் நடப்பவருக்கு 1,800தான். மூன்று நிமிடமும் வரம்புக்குக் கீழே போய் அறுந்துவிடும். ஒரே சிக்னல், மெதுவாக நடப்பவருக்கு மட்டும் இழப்பு.

அருள்:
அப்படியானால் நடுத்திட்டில் ஒருமுறை நிறுத்தி இரண்டு கட்டமாகக் கடக்கவிடும் சந்திப்புகள் உங்கள் தரவில் மோசமாகத் தெரியும். கடப்பவருக்கு அவை பாதுகாப்பானவையாக இருக்கலாம். நிபந்தனையை எடுத்தது நல்லதுதான். ஆனால் மொத்த நிமிடம் மட்டும் பார்த்தால் எந்தச் சந்திப்பு நடையை அறுக்கிறது என்று தெரியாமல் போகும், எனக்குப் பவுட் வேண்டும். இதே சொல்லை அறுபடாத நடைபாதை நீளத்துக்கும் வைத்துக்கொள்ளலாமா? 1.8 மீட்டர் தெளிவான அகலம் விதியில் இருக்கும். நடுவில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் நின்றால் ஆள் சாலையில் இறங்கிவிடுவார்.

மலர்விழி:
வேண்டாம் அருள், ஒன்று நேரம், மற்றது நீளம். டிரான்ஸ்ஃபார்மரைச் சுற்றிச் சாலையில் இறங்கி நடந்தாலும் கருவியில் பவுட் அறுவதில்லையே.

தர்சினி (யாழ்ப்பாணம்):
‘தவணை’ எண்டு சொல்லலாமோ எண்டு யோசிச்சன். எங்கட பக்கம் பள்ளிக்கூடத் தவணையைத்தான் நினைப்பினம்.

ஞானசேகரன்:
இங்கே கடன் தவணை! ‘ஈடு’ பாருங்கள். ஒரு ஈடு இட்லி என்கிறோமே, ஒருமுறை வைத்து எடுப்பது. ‘நடையீடு’.

செந்தில்:
கேட்க அழகுதான் ஐயா. ‘மதிப்பீடு’, ‘அளவீடு’ வரிசையில் வைத்தால் நடையை அளப்பது என்று படித்துவிடுவார்கள். ‘தொடர்த்துண்டு’ என் விருப்பம். ‘10 நிமிடத் தொடர்த்துண்டு, 2 நிமிட விடுப்புடன்’ என்று எழுத வருகிறது. உட்கார்ந்திருப்பதற்கும் ‘அமர்நிலைத் தொடர்த்துண்டு’ என்று நீட்டலாம்.

ஞானசேகரன்:
துண்டு என்றாலே அறுந்தது. அதற்கு முன்னால் ‘தொடர்’ என்பது முரண். நான் ஒப்பவில்லை.

மலர்விழி:
வரைவில் இப்போதைக்குத் ‘தொடர்த்துண்டு’ இருக்கட்டும். நேர்காணல் எடுப்பவர்களிடம் ‘நடையீடு’, ‘தொடர்த்துண்டு’ இரண்டையும் கொடுத்து, எதை விளக்கம் கேட்காமல் வாசிக்கிறார்கள் என்று பார்க்கிறேன். செந்தில், அந்த இரண்டு நிமிட ‘விடுப்பு’க்கும் வேறு சொல் யோசியுங்கள். லீவு நினைவுதான் வருகிறது.