சுருட்டை முடியில் பிசிறை எடுப்பதும் சுருளைத் தெளிவாக்குவதும்: ரிசப்ஷன் படம் ஒன்றில் செய்த வேலை

நிழல்குடை:
வந்த படம் இது. ரிசப்ஷன் மேடை, பெண்ணுக்குத் தோள்வரை விரித்துவிட்ட சுருட்டை முடி. 6000 × 4000 பிக்சல், 85 எம்எம் லென்ஸ். பின்னாலிருந்து வீடியோகாரர்களின் எல்இடி லைட் நேராகத் தலையில் அடிக்கிறது. தலையைச் சுற்றிப் பொன்னிறத்தில் ஒரு பிசிறு வளையம். இடப்பக்கம் பின்னணி கருஞ்சிவப்புத் திரை, வலப்பக்கம் வெள்ளைப் பூ அலங்காரம். கேட்டது ஒன்றுதான்: பிசிறு போக வேண்டும், சுருள் சுருளாகவே இருக்க வேண்டும், ஸ்ட்ரெயிட்டனிங் செய்த மாதிரி தெரியக் கூடாது.

முதலில் 200% ஜூம் வைத்துப் பார்க்க வேண்டும். வளையத்துக்குள் தனித்தனி இழை தெரிந்தால் அது நிஜ முடி. இழையே இல்லாமல், முடி ஓரத்தை ஒட்டி ஒரே அகலத்தில் வெளிறிய பட்டை ஓடினால் அது முடியே இல்லை. RAW ஃபைலில் Clarity-யையோ ஷார்ப்பனிங் Radius-ஐயோ ஏற்றியதால் வந்த கோடு. அதைக் குளோன் செய்து அழிக்க உட்காருவது வீண்வேலை. RAW ஃபைலுக்குத் திரும்பி அந்த ஸ்லைடரை இறக்கினாலே போய்விடும். இந்தப் படத்தில் இரண்டும் கலந்திருந்தது. Clarity +35-ல் இருந்ததை 0-க்குக் கொண்டுவந்ததும் வளையம் பாதி மெலிந்தது. மீதிதான் உண்மையான பிசிறு.

அதற்கு ஃபோட்டோஷாப்பில் இரண்டு வெற்று லேயர். திரைப் பக்கத்துக்கான லேயர் Darken, பூப் பக்கத்துக்கானது Lighten. Clone Stamp எடுத்து, Sample-ஐ Current & Below என்று வைத்து, பக்கத்துத் திரையிலிருந்து எடுத்துப் பிசிறின் மேல் தீட்ட வேண்டும். லேயர் Darken-ல் இருப்பதால் திரையைவிட வெளிச்சமான இழை மட்டும் மறையும், கருமையான சுருளில் கை பட்டாலும் ஒன்றும் ஆகாது. பூப் பக்கம் இதற்கு நேர்மாறு. அங்கே வெள்ளைக்கு முன்னால் இழை கறுப்பாகத் தெரியும். மோடை டூலில் வைக்காமல் லேயருக்கே வைப்பது வசதி. லேயரை ஒரு நொடி Normal-க்கு மாற்றினால் எங்கெங்கே தீட்டியிருக்கிறோம் என்று அப்படியே தெரிந்துவிடும்.

ஒரு இடத்தில் மட்டும் கவனம். சுருளின் ஓரத்தில் எல்இடி விழுந்து மின்னும் மெல்லிய விளிம்பு திரையைவிட வெளிச்சம். Darken அதையும் தின்றுவிடும். தின்றால் தலை திரையோடு ஒட்டிப்போகும். பிரஷ் அந்த விளிம்புக்கு வெளியிலேயே நிற்க வேண்டும், இல்லையென்றால் மாஸ்கில் அதைத் திரும்ப எடுக்க வேண்டும்.

ஆல்பம்மேசை:
அண்ணே, இவ்வளவு எதுக்கு? லேயரை டூப்ளிகேட் பண்ணு, Filter > Noise > Dust & Scratches, Radius 20, Threshold 0. லேயரை Darken ஆக்கு, கறுப்பு மாஸ்க் போட்டு முடியைச் சுத்தி வெள்ளை பிரஷ்ல ஒரு ரவுண்டு. ரெண்டு நிமிஷம். சீசன்ல ஒரு ஆல்பத்துக்கு அம்பது படம் வரும், ஒவ்வொரு இழையா பிடிச்சுக்கிட்டு உக்கார முடியுமா?

நிழல்குடை:
பாதி சரி. தலையிலிருந்து தள்ளி, திரைக்கு நடுவே தனியாகப் பறக்கும் இழைக்கு அது அருமையான வழி. இந்தப் படத்திலும் வெளிவட்டத்துக்கு அதைத்தான் பயன்படுத்தியது. முடிக்குப் பக்கத்தில் போனால்தான் சிக்கல்.

அந்த ஃபில்டர் ஒவ்வொரு புள்ளியையும் சுற்றுவட்டாரத்தில் எது அதிகமோ அதன்பக்கம் தள்ளுகிறது. இரண்டு சுருளுக்கு நடுவே உள்ளே ஒடுங்கிய சின்னப் பள்ளம் இருக்கிறதே, அங்கே மூன்று பக்கமும் முடி, ஒரு பக்கம்தான் திரை. ஆகவே பள்ளம் முடி நிறத்தில் நிரம்பிவிடும். Darken வேறு அதை அப்படியே வைத்துக்கொள்ளும். மேடும் பள்ளமுமாக இருந்த வெளிக்கோடு ஒரே வளைவாகச் சமமாகிவிடும். ஒரு சுருளைக்கூடத் தொடாமலேயே முடியை நீட்டிவிட்ட தோற்றம் வருவது இதனால்தான். Radius 20 என்றால் முடி ஓரத்திலிருந்து குறைந்தது 20 பிக்சலாவது தள்ளி நிற்க வேண்டும். உள்ளே இருப்பதற்குக் குளோன்தான்.

தொடர்ச்சி_எண்ணெய்:
சுருட்டை முடிக்கு ஈரமா இருக்கும்போதே சீரம் தடவி, டவலால தேய்க்காம காயவிட்டா பிசிறே வராது. என் பொண்ணுக்கு அப்படித்தான். போட்டோவுக்கு முன்னாடியே செஞ்சா இந்த வேலையே இல்லையே?

ஆல்பம்மேசை:
அக்கா, படம் எடுத்து முடிச்சு, மண்டபத்தைக் காலி பண்ணி, ஃபைல் நம்ம கைக்கு வந்தப்புறம் பேசுறோம் 😄

கட்அவுட்:
எனக்கும் இதே பிரச்சினை. முடியைச் சுத்தி வெள்ளை வளையம். பாஸ்போர்ட் படத்துக்குப் பின்னணியை வெட்டி நீலம் வைக்கிறேன், முடி ஓரம் முழுக்க வெள்ளைக் கோடு. Darken லேயர் வெச்சா நீலம்தான் முடிக்குள்ள வருது.

நிழல்குடை:
அது வேறு வளையம். பழைய வெள்ளைப் பின்னணியின் நிறம் வெட்டின ஓரத்தில் ஒட்டிக்கொண்டு வருவது. வெட்டின முடி தனி லேயரில் இருந்தால், மாஸ்கை அப்ளை செய்துவிட்டு Layer > Matting > Remove White Matte கொடுத்துப் பாருங்கள். அல்லது Select and Mask-ல் Decontaminate Colors. பிசிறுக்கும் இதற்கும் தொடர்பில்லை.

சுருளுக்கு வருகிறேன். வெளியே சுத்தமானதும் உள்ளே இருக்கும் மங்கல் கண்ணில் படும். சுருளுக்குச் சுருள் நடுவே குறுக்காக ஓடும் மெல்லிய இழைகள் வெளிச்சம் வாங்கி, பனிமூட்டம் போட்ட மாதிரி இருக்கும். பலரும் இங்கேதான் மங்கலாக்கும் ஃபில்டருக்குப் போகிறார்கள், முடி மெழுகாகிறது. ஒரு சுருளைச் சுருள் என்று கண் அறிவது அதன் ஒவ்வொரு வளைவிலும் மாறிமாறி வரும் வெளிச்சத்தையும் இருட்டையும் வைத்துத்தான். மங்கலாக்கினால் முதலில் சாவது அந்த மாற்றம்.

பனிமூட்டத்தை நீக்க வேண்டியதில்லை, இருட்டுக்குள் தள்ளினால் போதும். ஒரு Curves லேயர், நடுப்பகுதியைக் கொஞ்சம் கீழே இழுத்து, மாஸ்கைக் கறுப்பாக்கிக்கொள்ள வேண்டும். வெள்ளை பிரஷ், Flow 3 அல்லது 4, விளிம்பு மிருதுவாக. ஒரு சுருள் இன்னொன்றின் பின்னால் நுழையும் பள்ளங்களில் மட்டும் தீட்டுவது. இந்தப் படத்தில் ஒரு சுருள்கற்றை சுமார் 50 பிக்சல் அகலம், பிரஷ் 15-க்குமேல் போகவில்லை. பள்ளம் கறுத்ததும் குறுக்கே ஓடிய இழைகள் தானாக அடங்கும். அப்படியும் அடங்காத நாலைந்தை Darken லேயரில் குளோன் செய்தால் சரி. ஆனால் மாதிரியை அதே சுருளின் அடுத்த வளைவிலிருந்து எடுக்க வேண்டும், அப்போதுதான் இழை ஓடும் திசை ஒத்துப்போகும்.

அடுத்து மேலே தூக்கிய இன்னொரு Curves, அதே மாதிரி கறுப்பு மாஸ்க். வெளிச்சத்தை வளைவின் முதுகில், ஏற்கெனவே மினுக்கம் இருக்கும் இடத்தில் மட்டும், குட்டையாக, இரண்டு முனையும் தேய்கிற மாதிரி கொடுக்க வேண்டும். சுருளின் நீளம் முழுக்க ஒரே வெள்ளைக்கோடாக இழுத்தால் இடியாப்பம் ஆகிவிடும்.

வெள்ளித்திரை:
ஒன்று சேர்க்கிறேன். கறுப்பு முடியில் Curves மேலே தூக்கினால் செம்பட்டை அடிக்கும். அந்த லேயரை Luminosity-யில் வைக்கணும்.

நிழல்குடை:
வைத்துப் பார்த்ததில் இந்தப் படத்துக்கு அது ஒத்துவரவில்லை. Luminosity-யில் மினுக்கம் சாம்பல் நிறமாக, நரை மாதிரி தெரிந்தது. பின்லைட்டே மஞ்சள், ஆகவே Normal-ல் வரும் செம்மைதான் இயல்பாக இருந்தது. வெள்ளை லைட்டில் ஸ்டுடியோவில் எடுத்த படமென்றால் நீங்கள் சொல்வது பொருந்தலாம்.

வெள்ளித்திரை:
நரை மாதிரி வந்தால் தூக்கினது அதிகம் என்று அர்த்தம். Normal-ல் விட்டால் பிரிண்டில் அந்தச் செம்மை இன்னும் கூடும், எனக்கு அதில் சம்மதம் இல்லை.

வடக்குமாடம்:
கடைசியில் High Pass போடலாமா? 8 பிக்சல்ல போட்டா சுருள் செமயா எழும்பி நிக்குது.

நிழல்குடை:
எழும்பும், கூடவே அழித்த வளையமும் திரும்பி வரும். 8 பிக்சல் என்றால் ஓரத்தின் இரண்டு பக்கமும் அந்த அளவுக்குப் பட்டை படியும். இந்த அளவு படத்துக்கு 1.5-லிருந்து 2 போதும். லேயர் Overlay, நிறத்தை Desaturate செய்துவிட வேண்டும், மாஸ்க் கறுப்பு. முன்னால் ஃபோகஸில் இருக்கும் சுருள்களின் உள்பக்கம் மட்டும் தீட்ட வேண்டும், வெளிக்கோட்டைத் தொடக்கூடாது.

ஃபோகஸுக்கு வெளியே போன பின்பக்கச் சுருளில் எதைப் போட்டாலும் இழை பிறக்காது, நாய்ஸ்தான் கூர்மையாகும். இந்தப் படத்தில் காதுக்குப் பின்னால் முழுக்க அப்படித்தான். அங்கே பள்ளத்தைக் கறுப்பாக்கியதோடு விட்டாயிற்று. வரிசையையும் மாற்றக் கூடாது: பிசிறு, பள்ளம், மினுக்கம், கடைசியாக ஷார்ப்பனிங். முதலிலேயே ஷார்ப் செய்தால் பிசிறும் சேர்ந்து கூர்மையாகி வேலை இரட்டிப்பாகும்.

கருஞ்சுருள்:
வெளிநாட்டிலிருந்து ரீடச்சுக்கு வரும் படங்களில் ஆப்பிரிக்க வம்சாவளி மாடல்களின் இறுக்கமான சுருள் முடி நிறைய. அதில் இந்த முறையை அப்படியே வைக்கக் கூடாது. ஓரத்தில் பஞ்சுபோல் இருப்பது பிசிறு இல்லை, அதுதான் முடியின் வடிவம். அதைச் சுத்தம் செய்தால் தலை சிறுத்துப்போய், கத்தரியால் வெட்டி ஒட்டின மாதிரி நிற்கும். கூட்டத்தை விட்டு ரொம்ப தூரம் நீண்ட ஓரிரு இழையை எடுப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

நம் ஊர் சுருட்டைக்கும் கொஞ்சம் மிச்சம் வைக்கணும். ஒரு சுருளிலிருந்து கிளம்பி அதே வளைவில் போகும் இழையை விட்டுவிடலாம், வளைவுக்கு எதிராகக் குறுக்கே போவதை எடுக்கலாம். எல்லாவற்றையும் எடுத்தால் விக் வைத்த மாதிரி ஆகிவிடும்.

ஆல்பம்மேசை:
சொல்றதெல்லாம் சரி. ஆனா கஸ்டமர் “இன்னும் ரெண்டு முடி நீட்டிக்கிட்டு இருக்கே”ன்னு அதைத்தான் விரலால காட்டுறாங்க. வளைவோட போற இழைன்னு அவங்களுக்கு எப்படிப் புரியவைக்கிறது? 25% ஜூம்ல பார்த்து, அதுல தெரியுற இழையை மட்டும் எடுத்துட்டு மத்ததை விட்டுடுவேன். சண்டை வராம போகுது.

நிழல்குடை:
அதுவும் நல்ல அளவுகோல்தான், கவர் படத்தைத் தவிர. கவர் பெரிதாகப் பிரிண்டாகும். அதற்கு 100%-லும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். அப்போது எல்லாவற்றுக்கும் மேலே தற்காலிகமாக ஒரு Curves வைத்து கான்ட்ராஸ்டைக் கண்டபடி ஏற்றிப் பாருங்கள். திரையில் குளோன் செய்த இடமெல்லாம் திட்டுத் திட்டாகத் தெரியும். பெரும்பாலும் அங்கே மட்டும் கிரெயின் இல்லாமல் வழவழப்பாக இருக்கும். Dust & Scratches போட்ட பகுதியில்தான் இது அதிகம்; அந்த லேயருக்கு Add Noise 1% கொடுத்தால் மறையும். பார்த்து முடித்ததும் அந்த Curves லேயரை அழிக்க மறக்க வேண்டாம்.

கட்அவுட்:
Remove White Matte வேலை செஞ்சிருச்சு. ஆனா நுனி முடி கொஞ்சம் கறுத்த மாதிரி இருக்கே?

நிழல்குடை:
மாஸ்க் ஓரம் ரொம்ப மிருதுவாக இருந்தால் அப்படி ஆகும். அந்த நுனிகளில் மட்டும் Remove White Matte கொடுப்பதற்கு முந்தைய லேயரின் நகலை 40% Opacity-யில் மேலே வைத்துப் பாருங்கள்.