ஹேக் மீனில் ஊதா நிறம்: ஃபார்மலின் ஊற்றியதா, தானே உண்டானதா?

டர்பனில் உள்ள எங்கள் கடையில் பல வாரம் உறைநிலையில் இருந்த ஹேக் மீனின் சதையை அரைத்து, காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, வடிகட்டி எடுத்த அந்த நீரில் காரமும், ஃபார்மலினில் உள்ள ஃபார்மால்டிஹைடைக் காட்டும் பர்பால்டு வினைப்பொருளும் சேர்த்துக் குலுக்கினால், சில நிமிடங்களில் ஊதா நிறம் ஏறுகிறது. வெறும் நீரிலும் மத்தி மீனிலும் நிறம் வரவில்லை. மற்ற ஆல்டிஹைடுகளும் பர்பால்டுடன் ஊதா தரும் என்பதால் அசிட்டைல் அசிட்டோனிலும் சோதித்தேன்; மஞ்சள் நிறமே வந்தது, ஆகவே இது ஃபார்மால்டிஹைடுதான் போலும்.

ஆனால் ஹேக் மீனில் உள்ள டிரைமெத்திலமீன் ஆக்சைடு, உறைநிலையிலும் நொதியால் சிதைந்து, டைமெத்திலமீனையும் ஃபார்மால்டிஹைடையும் சம மோல் அளவில் தரும். மீனின் மேற்பரப்பைக் கழுவிய நீரில் நிறம் மங்கலாகவும் உட்சதையில் அடர்த்தியாகவும் இருப்பது, மேலே ஊற்றிய ஃபார்மலினுக்குப் பொருந்தவில்லை. வாங்குபவரோ கலப்படம் என்கிறார்.

டைமெத்திலமீனையும் ஆய்வகத்தில் அளந்து, ஃபார்மால்டிஹைடு மோல் கணக்கில் அதைவிட மிகுந்திருந்தால் மட்டுமே கலப்படம் என்று கொள்ளலாமா?