பாறைக்குப் பின்னால் திரும்பும் தண்ணீருக்கு என்ன சொல்? (திங்களன்று அச்சுக்குப் போகிறது)

செல்வி:
எல்லாருக்கும் வணக்கம். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு சிறுகதையை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்குகிறேன். ஒகேனக்கல்லுக்கு மேலே காவிரியில் பரிசல் ஓட்டும் தாத்தா, ஒரு வளைவில் நிறுத்தித் தண்ணீரை எப்படிப் பார்ப்பது என்று பேத்திக்குச் சொல்லித்தருகிறார், கதை அவ்வளவுதான். eddy என்ற ஆங்கிலச் சொல் வரும் இடத்தில் மாட்டிக்கொண்டேன். சுழல் என்று எழுதினால், "அந்தச் சுழலுக்குள்ளே போ கண்ணு, அங்கே மூச்சு வாங்கலாம்" என்று தாத்தா சொல்வதாக வருகிறது. பிள்ளையைக் கொல்லப் பார்க்கிறாரா என்று வாசிக்கிறவர்கள் கேட்பார்கள். நல்ல சொல் தாருங்கள்.

முருகேசன்:
இதற்கு ஏன் விவாதம்? மேல்நிலை இயற்பியல் பாடநூலிலேயே சுழல் மின்னோட்டம் என்று இருக்கிறது. உலோகத் தகட்டில் காந்தப்புலம் மாறும்போது உண்டாவது, தூண்டல் அடுப்பு அதில்தான் வேலை செய்கிறது. அதையே போடுங்கள்.

செல்வி:
ஐயா, இது ஆறு. கதையில் மின்சாரமே இல்லை.

இளங்கோ:
முருகேசன் ஐயா தடம் மாறிவிட்டார், ஆனாலும் வேரைத் தொட்டுவிட்டார். சுழ என்பதிலிருந்து சுழல், சுழற்சி, சுழி எல்லாம் கிளைக்கின்றன. தலையில் சுழி, உந்தியில் சுழி, ஏட்டின் தலைப்பில் பிள்ளையார் சுழி, இரண்டுசுழி ன, மூன்றுசுழி ண, கடைசியில் சுழியம் என்று எண்ணுக்கே வந்துவிட்டது. எல்லாவற்றிலும் ஒன்றைச் சுற்றி வளைவதுதான் பொருள், உள்ளே இழுப்பது பிறகு ஏறிய அச்சம். அந்த அச்சத்தை நீக்குவதும் ஆசிரியர் கடமைதானே? சுழிநீர் என்று எழுதுங்கள்.

அருள்மொழி:
ஆற்றங்கரையில் வளர்ந்தவன் என்பதால் சொல்கிறேன், சுழி என்ற சொல்லின் அச்சத்தை நீக்காதீர்கள். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லைக் கேட்டால் பிள்ளைகள் கரைக்கு ஓடிவிடுவோம், அது அப்படியே இருக்கட்டும். செல்வி அக்கா கேட்கும் இடத்துக்குப் பரிசல்காரர்கள் தனிப்பெயர் சொல்லி நான் கேட்டதில்லை. "கல்லுக்குப் பின்னாடி தண்ணி திரும்புது பாரு, அங்க விடு" என்பார்கள்.

அப்புறம் கதையில் ஒரு வரி எனக்கு இடிக்கிறது. வளைவில் தண்ணீர் வெளிக்கரையில் வேகமாகவும் உள்கரையில் மெதுவாகவும் ஓடுகிறது, அதனால் வெளிக்கரை அரிபடுகிறது, மெதுவான பக்கம் மணல் படிகிறது. அவ்வளவுதான். மேல் தண்ணீர் ஒரு பக்கம், அடித் தண்ணீர் ஒரு பக்கம் என்று தாத்தா சொல்வது கதாசிரியர் கற்பனையா?

நடராசன்:
பொதுப்பணித் துறையில் ஆற்றுக்கரை வேலையிலேயே காலம் தள்ளியவன் நான். தம்பி சொன்னதில் பாதி சரி, தாத்தா சொன்னது முழுக்கச் சரி. வளைவில் மேல்மட்டத் தண்ணீர்தான் வேகமானது, அது வெளிப்பக்கம் தள்ளப்பட்டு அந்தக் கரையில் நீர்மட்டம் கொஞ்சம் உயர்கிறது. அந்த உயரத்தின் அழுத்தம் அடிவரைக்கும் இருக்கும், ஆனால் அடியில் தரையோடு உராய்ந்து ஓடும் தண்ணீருக்கு வேகம் குறைவு. அதனால் அது எதிர்த்து நிற்க முடியாமல் உள்கரைப் பக்கம் தள்ளப்படுகிறது, போகும்போது மணலையும் உருட்டிக்கொண்டு போகிறது. ஆக மொத்தத் தண்ணீரும் திருகிக்கொண்டே வளைவைக் கடக்கிறது. டம்ளரில் தேயிலைத் தூளோடு தேநீரைக் கலக்கிவிட்டுப் பாருங்கள், தூள் ஓரத்துக்குப் போகாமல் அடியில் நடுவில் வந்து குவியும். ஐன்ஸ்டைன் 1926-ல் ஆறுகள் வளைவதை இதை வைத்துத்தான் விளக்கினார்.

பரிசல்காரருக்கு இது ஏட்டுச் சமாச்சாரம் இல்லை. தட்டையான அடி, மேல்தண்ணீர் போகும் பக்கம்தான் பரிசலும் போகும், அதாவது வெளிக்கரைப் பாறைமேல் போய் மோதும். அதனால்தான் வளைவு வருவதற்கு முன்பே உள்பக்கமாகத் துழாவ வேண்டும், வளைவுக்குள் வந்தபின் துழாவினால் நேரம் போதாது. நுரை எங்கே வரிசையாகப் போகிறதோ அங்கேதான் பெரும்பாலும் வேகம் அதிகம் என்று தாத்தா காட்டுகிறாரே, அந்த இடத்தை வெட்டிவிடாதீர்கள்.

இளங்கோ:
"நீர்வழிப் படூஉம் புணைபோல்" என்று புறநானூறு 192-ல் பூங்குன்றனார் சொல்வதும் இதுதானே ஐயா! அதற்கு முந்தைய அடி "கல்பொருது இரங்கும்". பாறையும் இருக்கிறது, புணையும் இருக்கிறது, தாத்தா மட்டும்தான் இல்லை.

செல்வி:
எனக்குச் சொல் வேண்டும்.

இளங்கோ:
சரி, சுழிநீரை விட்டுவிடுகிறேன். மறிநீர். மறிதல் என்றால் மீளுதல், மறிதிரை என்பது பழைய வழக்கு. ஓரெழுத்துக்கூட வீணில்லை.

தவமணி (யாழ்ப்பாணம்):
அண்ணை, எங்கட பக்கம் மறியல் எண்டால் சிறை. விளக்கமறியல் எண்டு நாள்தோறும் செய்தியிலே வருது. மறிநீர் எண்டு வாசிக்கிற பிள்ளை, தண்ணியை மறிச்சு வச்சிருக்கினம், அணை எண்டுதான் நினைக்கும். எதிரோட்டம் எண்டால் விளங்குமே?

அருள்மொழி:
தமிழ்நாட்டிலும் சாலை மறியல்தான் நினைவுக்கு வரும். எதிரோட்டம் என்றால் பரிசல் எதிர்த்துப் போவது மாதிரியும் படுகிறது, யார் எதிர்க்கிறார்கள் என்று குழப்பம் வரும்.

நடராசன்:
சொல் எதுவானாலும் இரண்டு தண்ணீரை ஒன்றாக்கிவிடாதீர்கள். நீருக்கு மேலே தலைகாட்டும் பாறையின் இருபுறமும் ஓட்டம் விரைந்து போகிறது, பின்னால் மட்டம் தாழ்கிறது, அந்தப் பள்ளத்தை நிரப்ப ஆற்றின் கீழ்ப்பக்கத்திலிருந்து தண்ணீர் பாறையை நோக்கித் திரும்பி வருகிறது. ஒரு சருகைப் போட்டால் அது பாறையை நோக்கி ஏறி வரும், பேத்திக்கு அதுதான் பரிசோதனை. இங்கே பரிசல் நிற்கலாம். ஆனால் உள்ளே நுழையும் எல்லைக்கோட்டில், சின்னச் சின்னச் சுழிகளும் கசங்கிய நுரையும் தெரிகிற இடத்தில், ஒரு பக்கத்தை ஆற்றோடு போகும் ஓட்டமும் மறுபக்கத்தைத் திரும்பி வரும் ஓட்டமும் பிடித்துப் பரிசலைச் சுற்றிவிடும். தயங்காமல் வேகமாகக் கடக்க வேண்டும்.

வெள்ளம் கூடி அதே பாறை மூழ்கிவிட்டால் கதையே வேறு. தண்ணீர் பாறைமேல் வழிந்து பின்னால் விழுந்து மேலும்கீழுமாகப் புரளும், உள்ளே விழுந்ததைத் திரும்பத் திரும்ப அமுக்கும். அதை அருள்மொழி வீட்டுச் சுழியோடு சேர்க்கலாம். பிலிகுண்டுலுவில் நீர்வரத்து கூடினால் பரிசலுக்குத் தடை போடுவது வெறும் சம்பிரதாயம் இல்லை. நேற்று ஓய்வெடுத்த இடமே இன்றைக்கு ஆளைக் கொல்லும்.

செல்வி:
இது போதும் ஐயா. அப்படியென்றால் நிற்கக்கூடிய இடத்துக்கு "திரும்புநீர்", மூழ்கிய பாறைக்குப் பின்னால் இருப்பதற்கு "சுழி". தாத்தா முதல்முறை "தண்ணி திரும்புது பாரு" என்று சொல்லட்டும், அதற்குப் பிறகு திரும்புநீர் என்று வந்தால் தனியாக விளக்க வேண்டியதில்லை. யாருக்காவது மறுப்பு உண்டா?

தவமணி:
எதிரோட்டம் எண்டதிலே நான் இன்னும் நிக்கிறன். ஆனால் பிள்ளைக்கு விளங்கும் எண்டால் சரி.

முருகேசன்:
பாடநூலில் சுழல், கதையில் திரும்புநீர். இரண்டும் ஆங்கிலத்தில் ஒரே சொல் என்று மேல்வகுப்பில் தெரியவரும்போது யார் பதில் சொல்வது?

இளங்கோ:
திரும்புநீர் வினைத்தொகை. திரும்பிய நீர், திரும்புகின்ற நீர், திரும்பும் நீர், முக்காலமும் சரி, இலக்கணத்தில் குறை சொல்ல இடமில்லை. நீளம் மட்டும் உறுத்துகிறது. பின்னிணைப்புச் சொற்பட்டியலில் மறிநீரையும் சேர்த்துவிடுங்கள், இல்லையென்றால் அடுத்த பதிப்பு வரைக்கும் எழுதிக்கொண்டே இருப்பேன்.

செல்வி:
இந்தப் புத்தகத்தில் பின்னிணைப்பு கிடையாது ஐயா.

நடராசன்:
படத்தை இப்போதுதான் பார்த்தேன். ஓவியர் மணல்திட்டை வெளிக்கரையில் வரைந்திருக்கிறார், செங்குத்துக் கரையை உள்பக்கம். மாற்றிப் போடச் சொல்லுங்கள். பாறைக்குப் பின்னால் இருக்கும் அம்புக்குறியும் ஆற்றோடு கீழே போகிறது, அது பாறையை நோக்கித் திரும்ப வேண்டும்.