இஸ்ஸா, ஆரா? ஒன்பதாம் வகுப்புக்கு எப்படி விளக்கலாம்?

வணக்கம். ‘ஒன் ஆஃப் த ஸ்டூடண்ட்ஸ்’ என்றதும் என் பிள்ளைகள் ‘ஆர் ஆப்சென்ட்’ என்று எழுதிவிடுகிறார்கள். வினைக்குப் பக்கத்தில் நிற்கும் பன்மைதான் அவர்களை இழுக்கிறது. வராதவன் ஒருவன்தான், எழுவாய் ‘ஒன்’, அதனால் ‘இஸ்’. ‘மாணவர்களில் ஒருவன் வந்தான்’ என்பதில் யாருமே ‘வந்தார்கள்’ போடுவதில்லை, ஏனென்றால் தமிழில் ‘ஒருவன்’ வினையை ஒட்டியே நிற்கிறான். இதைச் சொன்னதும் புரிந்துகொண்டார்கள்.

சரி, சிக்கல் அடுத்த வாக்கியத்தில்: ‘ஷீ இஸ் ஒன் ஆஃப் த ஸ்டூடண்ட்ஸ் ஹூ ஆர் சிங்கிங்.’ பாடுபவர்கள் பலர், அவள் அவர்களில் ஒருத்தி. ‘ஹூ’ ஸ்டூடண்ட்ஸைக் குறிப்பதால் இங்கே ‘ஆர்’. இரண்டையும் குழப்பாமல் நடத்த உங்களிடம் எளிய வழி இருந்தால் சொல்லுங்கள். திங்கட்கிழமை வகுப்பு இருக்கிறது.