பாதாம் மாவு கேக், மேல செவந்துடுச்சு உள்ள ஈரம், உங்களுக்கும் நடந்திருக்கா?

கோவை அடுப்படி: அப்பாவுக்கு சுகர், அவரோட பிறந்தநாளுக்குன்னு 200 கிராம் பாதாம் மாவு, 3 முட்டை, 100 கிராம் வெண்ணெய், சர்க்கரைக்கு பதிலா எரித்ரிட்டால் போட்டு என் மைதா கேக் மாதிரியே 180 டிகிரில வச்சேன். 20 நிமிஷத்துலயே மேல நல்லா செவந்துடுச்சு, ஓரத்துல குச்சி குத்தினா சுத்தமா வந்துச்சு, 30 நிமிஷத்துல எடுத்து சூட்டோடயே தட்டுல கவுத்தேன். நடுவுல ரெண்டா பொளந்து, உள்ள ஈர அல்வா மாதிரி சரிஞ்சுது. அப்பா கத்தியோட பக்கத்துல நின்னுட்டிருந்தாரு, அந்த முகம் இன்னும் கண்ணுலயே நிக்குது.

ஓவன்பிரியன்: மாவை ஒட்டவைக்கிற சாந்தன் கம் போடலல்ல, அதான். அரை ஸ்பூன் போடுங்க, எல்லாம் சரியாயிடும்.

மதுரைக்காரி: கம் மட்டும் இல்லைங்க தம்பி, எனக்கு அது போட்டும் உடைஞ்சிருக்கு. மைதால இருக்கிற பசைத்தன்மை பாதாம்ல கிடையாது, கேக்கை தாங்குறது முட்டைதான், அது நடு வரைக்கும் வெந்து இறுகணும். அதோட பாதாம்ல பாதிக்குப் பாதி கொழுப்பு, அக்கா மைதா கணக்குல 100 கிராம் வெண்ணெயும் போட்டிருக்காங்க. மாவு அதை உறிஞ்சாது, உள்ளயே நிக்கும். நான் 200 கிராமுக்கு 4 முட்டை, 60 கிராம் வெண்ணெய்தான் போடுவேன். 160 டிகிரி, 40லருந்து 45 நிமிஷம், மேல செவக்க ஆரம்பிச்சதும் ஃபாயில் மூடிடுவேன். எரித்ரிட்டால் சர்க்கரை மாதிரி செவக்காது, உங்களுக்கு செவந்தது பாதாமும் முட்டையும்தான், அதனால கலரைப் பாத்து எடுக்கவே கூடாது. குச்சியை நடுவுல குத்துங்க, நடுவை விரலால அழுத்தினா குழியாம எழும்பணும். அப்புறம் டின்லயே முழுசா ஆறட்டும், சூட்டுல எடுத்தா நல்லா வெந்த கேக்கே உடையும்.

சென்னைப் பொண்ணு: நான் பாதாமை ஊறவச்சு தோலுரிச்சு உடனே மிக்ஸில அரைச்சேன், மாவா வராம வெண்ணெய் மாதிரி உருண்டுடுச்சு, அதை வச்சே சுட்டதுல கேக் கீழ எண்ணெய் ஊறி நின்னுது. இப்ப தோலுரிச்சதை நல்லா காயவச்சு, நிறுத்தி நிறுத்தி அரைச்சு சலிக்கிறேன்.

ஓவன்பிரியன்: மதுரைக்காரி அக்கா, 160ல வச்சா என்னோடது வெளிறிப் போய் நிக்குது, 175 இல்லாம எனக்கு வரவே வராது. என்னோடது சின்ன ஓடிஜி, அதுவும் காரணமா இருக்கலாம். ஆனா கம் போட்ட துண்டு கையில உதிராதுங்கறதுல நான் மாற மாட்டேன்.

திருச்சி அண்ணி: அதே பாதாம் மாவுல ரொட்டி போட்டா உதிருது, என்ன பண்றது? இசப்கோல் போட்டுப் பாத்தேன், ஒட்டுச்சு, ஆனா ஊதா நிறமா வந்துச்சு, பசங்க தொடவே இல்ல.

மதுரைக்காரி: சில பிராண்ட் இசப்கோல்ல அப்படி ஆகும் அண்ணி, கெட்டுப்போகல. பிராண்ட் மாத்திப் பாருங்க.

கோவை அடுப்படி: ஞாயித்துக்கிழமை 4 முட்டை, 60 கிராம் வெண்ணெய் வச்சு திரும்ப போட்டேன், 42 நிமிஷம். டின்லயே ரெண்டு மணி நேரம் விட்டுட்டு கவுத்தேன், பொளக்கல. அப்பாதான் வெட்டினாரு. நடு மட்டும் இன்னும் கொஞ்சம் ஈரமாதான் இருக்கு, என் டின் 6 இஞ்ச், உயரமா வருது, 8 இஞ்ச்ல போட்டவங்க யாராச்சும் சொல்லுங்க.